சிறுகதை விவாதம்: ‘தங்கள் கூட்ட அறையில்’

நூற்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எழுதி முடித்த சிறுகதை ஒன்றை இங்கே இடுகிறேன். எனக்குள்ள ஐயம் ஒன்றுதான். அழைப்பில் உள்ள பிழையை வாசகர் முதல் வாசிப்பில் கவனிக்காமல் கடந்து போக வேண்டும். இரண்டு குழுக்களும் வெவ்வேறு அறைகளில் உட்கார்ந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் அது கண்ணில் குத்த வேண்டும். அது நடக்கிறதா என்று சொல்லுங்கள்.

*தங்கள் கூட்ட அறையில்*

புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கலைவாணி அந்த அழைப்பைக் கணினியில் அடிக்கத் தொடங்கியபோது, அது டெஸ்பேட்ச் பிரிவின் தலைவர் ஒருவருக்கு மட்டுமே போக வேண்டியதாக இருந்தது. கோவைக்கு வெளியே இருந்த அந்த மோட்டார் பம்பு நிறுவனத்தில் அவள் அலுவலக ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தன்னைவிட இருபது வயது மூத்தவருக்கு ‘உங்கள்’ என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. ‘நிலுவையில் உள்ள ஆர்டர்கள் குறித்து விற்பனைக் குழுவும் டெஸ்பேட்ச் குழுவும் வியாழன் பிற்பகல் 3 மணிக்குத் தங்கள் கூட்ட அறையில் சந்திக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது’ என்று எழுதி, ஒருமுறை வாசித்தாள். மரியாதையாக இருந்தது.

அவளுடைய மேசையைக் கடந்துபோன மேலாளர், “எல்லோருக்கும் ஒரே அழைப்பாப் போட்டுவிடும்மா, தனித்தனியா வேண்டாம்” என்றார். அவள் மேலும் பத்து முகவரிகளைச் சேர்த்தாள். இடம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை. அதுதான் உள்ளேயே எழுதியிருக்கிறதே. பிறகு கேன்டீனுக்குப் போன் செய்து பதினொரு தேநீர் சொன்னாள். “எந்த ரூமுக்குங்க?” என்று கேன்டீன்காரர் கேட்டார். “டெஸ்பேட்ச் ரூமுக்கு அண்ணா” என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கு விற்பனைக் குழுவினர் ஆறு பேரும் முதல் மாடியில், தங்கள் குளிரூட்டப்பட்ட அறையில், மடிக்கணினிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்பேட்ச் குழுவினர் ஐந்து பேரும் கிடங்கின் கோடியில், மரப்பெட்டிகளின் மணம் வீசும் தங்கள் அறையில், லாரி ரசீதுக் கட்டுகளுடன் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பத்துக்கு மேலே இருந்து கீழே போன் வந்தது.

“நாங்க எல்லாரும் வந்தாச்சுங்க. நீங்கதான் பாக்கி.”

“நாங்களும் வந்தாச்சுங்களே.”

“அப்படியா, சரிங்க, வாங்க.”

“வாங்க, வாங்க.”

இரண்டு பக்கமும் போனை வைத்துவிட்டு, எதிர்த் தரப்பு வந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியுடன் காத்திருந்தது. மூன்று இருபத்தைந்துக்கு, கீழே இருந்தவர்கள் பொறுமை இழந்து மாடிப்படி வழியாக ஏறினார்கள். அதே நேரத்தில் மேலே இருந்தவர்கள் பின்புறச் சரக்குத் தூக்கியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு மணிக்குக் கலைவாணி டெஸ்பேட்ச் அறைக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. பதினொரு கோப்பைத் தேநீரிலும் ஆடை படிந்திருந்தது. அவள் ஒரு கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். பின்னால் மேலாளர் வந்து நின்றார்.

“யார் அறைன்னு எழுதின?”

“தங்கள் அறைன்னு எழுதினேங்க சார்.”

அவர் சற்று நேரம் அவளைப் பார்த்தார்.

“என் அறையா?”

---

அவசரக்காரன் எழுதியது:

கவலைப்படாதீர்கள் அம்மா, இது எல்லோருக்கும் நடப்பதுதான். உடனடியாக அந்த அழைப்பை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்புங்கள்; பழையதைத் திருத்திக்கொண்டிருந்தால் இன்னும் குழப்பம்தான் வரும். கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். மேலாளரிடம் எழுத்துமூலம் வருத்தம் தெரிவித்துவிடுவது உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு.

நூற்கண்டு எழுதியது:

நண்பரே, இது கதை. கலைவாணி நான் இல்லை. ஆனாலும் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

இலக்கணப்பித்தன் எழுதியது:

கதை சுவையாக இருக்கிறது. ஆனால் அதன் அடித்தளம் தவறு. ‘தான்’, ‘தாம்’, ‘தாங்கள்’ ஆகியவை படர்க்கைப் பெயர்கள். முன்னிலைப் பெயர்கள் எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என்று நன்னூல் எண்ணிச் சொல்லிவிட்டு, மற்றவற்றையெல்லாம் படர்க்கையில் சேர்க்கிறது. ஆகவே ‘தங்கள் அறை’ என்பது அந்த வாக்கியத்தின் எழுவாயைத்தான் சுட்டும். எழுவாய் விற்பனைக் குழுவும் டெஸ்பேட்ச் குழுவும். எனவே அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் உண்டு: ஒவ்வொரு குழுவும் தத்தம் அறையில் உட்கார வேண்டும். பதினொரு பேரும் அழைப்பில் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். இதில் இருபொருள் எங்கே இருக்கிறது?

கோப்புநடை எழுதியது:

இலக்கணப்பித்தன் அவர்கள் நன்னூல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ‘தாங்கள்’ என்பதை மரியாதைக்குரிய முன்னிலையாகக் கடிதங்களில் எழுதுவது இன்று வேரூன்றிவிட்ட வழக்கு. அதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. முப்பத்தோரு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் வரைவு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் எழுதிய ‘தங்கள்’களை அடுக்கினால் இந்த வீட்டின் கூரை வரை வரும். அவற்றில் ஒன்றுகூட ‘அவர்களுடைய’ என்ற பொருளில் எழுதப்பட்டதில்லை.

இரண்டு வழக்கும் ஒரே மொழியில் இருந்தும் நாம் அன்றாடம் குழம்பாமல் இருப்பதற்குக் காரணம் வினைமுற்று. ‘தாங்கள் வந்தீர்கள்’ என்றால் எதிரே இருப்பவர்; ‘தாங்கள் வந்ததாகச் சொன்னார்கள்’ என்றால் எங்கோ இருப்பவர்கள். ஈற்றில் வரும் ‘ஈர்கள்’, ‘ஆர்கள்’ ஆகியவையே யாரைச் சொல்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கலைவாணியின் வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ‘ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.’ அது அஃறிணை ஒருமை ஈறு. ஏற்பாட்டைத்தான் சுட்டுகிறதே தவிர, எந்த மனிதரையும் சுட்டவில்லை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று முடிகிற அலுவலக வாக்கியங்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. செய்பவரை மறைப்பதற்காக நாங்கள் கைக்கொண்ட நடை, கேட்பவரையும் சேர்த்து மறைத்துவிடும்.

அப்படியென்றால் அரசு அலுவலகங்களில் தினமும் இரண்டு அறைகளில் கூட்டம் நடக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நடப்பதில்லை, காரணம் வாக்கியத்துக்கு வெளியே இருக்கிறது. கடிதத்தின் தலையில் ‘பெறுநர்’ என்று ஒருவரை எழுதுகிறோம். மற்றவர்களுக்குப் போவது அடியில் ‘நகல்’ என்று குறிக்கப்படும். நகலைப் பெறுகிறவர் ‘தங்கள் அலுவலகம்’ என்று படித்தால், அது தன்னுடைய அலுவலகம் அல்ல, பெறுநருடையது என்று ஒரு நொடியில் புரிந்துகொள்வார். ஒரே தாள் நாற்பது பேருக்குச் சமமாகப் போக வேண்டுமானால் அதைச் சுற்றறிக்கையாகப் போடுவோம். நான் பயின்ற பிரிவில், சுற்றறிக்கையில் ‘தங்கள்’ என்று எழுதினால் கண்காணிப்பாளர் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘யார்?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். ‘அவரவர்’ என்றோ, அறையின் பெயரையோ எழுதித்தான் திரும்ப வைக்க வேண்டும்.

கலைவாணி கடிதத்தின் மொழியை எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் அனுப்பியது கடிதம் அல்ல. அந்த அழைப்பில் பெறுநரும் இல்லை, நகலும் இல்லை, பதினொரு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாலை ஐந்தரை மணிக்கு, ஒருவருக்கு மட்டும் போகவிருந்தபோது, அந்த வாக்கியம் சரியான வாக்கியம். பத்து முகவரிகள் சேர்ந்தபோது, ஓர் எழுத்துக்கூட மாறாமல் அது தவறான வாக்கியமாகிவிட்டது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆசிரியர் அதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்.

வெயில் எழுதியது:

கோப்புநடை ஐயா சொன்ன அதே இடத்தைத்தான் நானும் குறித்து வைத்திருந்தேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. ‘அவள் மேலும் பத்து முகவரிகளைச் சேர்த்தாள்’ என்ற வரி விரைவாகக் கடந்து போவதால்தான் நான் பிழையைக் கவனிக்கவில்லை. அங்கே ஆசிரியர் நின்று விளக்கியிருந்தால் நான் அப்போதே விழித்துக்கொண்டிருப்பேன். ஆகவே அதை நீட்ட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது மாடிப்படிக் காட்சி. ஒரு குழு ஏற, இன்னொரு குழு இறங்க, இருவரும் அறை மாறி உட்காருவது என்பது நாம் பலமுறை பார்த்துவிட்ட நகைச்சுவை. அதற்கு முன்னால் வரும் தொலைபேசி உரையாடல் அதைவிட எவ்வளவோ மேல். ‘வாங்க’, ‘வாங்க, வாங்க’ என்று இரண்டு பக்கமும் உபசரிக்கிறார்களே, அங்கே இரண்டாவது முறையாக அதே பிழை நடக்கிறது. யார் எங்கே வர வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. மரியாதை மட்டும் பரிமாறப்பட்டிருக்கிறது. அதன் பிறகு அவர்கள் நான்கு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தாலே போதும்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இதே வேலையைத்தான் ஆறு ஆண்டுகளாகச் செய்கிறேன். அதனால் கலைவாணி மீது எனக்குக் கொஞ்சம் கோபமும் நிறைய இரக்கமும் இருக்கிறது. கோபம் எதற்கென்றால், இடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டதற்கு. அழைப்பின் உள்ளே எழுதியதை யார் படிக்கிறார்கள்? பத்து நிமிடத்துக்கு முன் கைப்பேசியில் எட்டிப் பார்க்கும் நினைவூட்டலில் தலைப்பும் நேரமும் இடமும்தான் தெரியும். வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது கண்ணில் படாது.

ஆனால் கட்டத்தை நிரப்பினாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கூட்ட அறையையும் நாட்காட்டியில் ஒரு விருந்தினரைப் போலச் சேர்த்து முன்பதிவு செய்வோம். ஒருமுறை நான் எட்டுப் பேர் அமரும் அறையைப் பதிவு செய்திருந்தேன். பிறகு ஆட்கள் கூடியதால் பதினான்கு பேர் அமரும் அறையைச் சேர்த்தேன். பழையதை நீக்க மறந்துவிட்டேன். அழைப்பில் இரண்டு அறைகளின் பெயர்களும் காற்புள்ளியுடன் அடுத்தடுத்து நின்றன. அது போதாதென்று, திருத்தத்தைச் சேமிக்கும்போது, விருந்தினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டுமா என்று கூகுள் நாட்காட்டி கேட்டதற்கு, எல்லோரையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று `Don't send` என்பதை அழுத்திவிட்டேன். நாட்காட்டியைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு பெயர்களைக் கண்டார்கள். முதலில் வந்த மின்னஞ்சலைப் பார்த்தவர்கள் ஒன்றை மட்டும் கண்டார்கள். பாதிப் பேர் சிறிய அறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, மீதிப் பேர் பெரிய அறையில் இடம் நிறைய இருக்கிறதே என்று கால் நீட்டி அமர்ந்திருந்தார்கள். நான் எழுதியதில் ‘தங்கள்’ எல்லாம் எதுவும் இல்லை, அறையின் பெயர் தெளிவாகவே இருந்தது.

அதனால், இலக்கணத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இலக்கணப்பித்தன் எழுதியது:

கோப்புநடை ஐயா, வினைமுற்றின் ஈறு பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனினும் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘உங்கள் கூட்ட அறையில்’ என்று எழுதியிருந்தால்? விற்பனைக் குழுவும் அதைத் தன் அறை என்றே படிக்கும், டெஸ்பேட்ச் குழுவும் தன் அறை என்றே படிக்கும். விளைவு அதேதான். ஆகவே குற்றம் ‘தங்கள்’ என்ற சொல்லின்மீது இல்லை. முன்னிலைப் பெயர் எதை எழுதினாலும், இரண்டு தரப்புக்கு ஒரே தாளை அனுப்பினால் இதுதான் நடக்கும். அப்படியானால் கதையின் தலைப்பே ஆட்டம் காண்கிறதே.

கோப்புநடை எழுதியது:

இது நல்ல கேள்வி. பதினொரு பேரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ‘உங்கள்’ என்று எழுதியிருந்தாலும் அவர்கள் இரண்டு அறைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வேறுபாடு கலைவாணியிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘உங்கள்’ என்ற சொல் எழுதுபவரையும் எதிரில் ஒரு முகத்தைப் பார்க்க வைக்கும். விற்பனைப் பிரிவினரின் முகவரிகளைச் சேர்க்கும்போது, அந்த முகம் மாறிவிட்டதே என்று அவளுக்கு ஒரு சிறு நெருடலாவது தோன்றியிருக்கும். ‘தங்கள்’ அப்படிப்பட்டதல்ல. பத்துப் பேரைச் சேர்த்த பிறகு திரும்ப வாசித்திருந்தாலும், ‘டெஸ்பேட்ச் குழுவும் தங்கள் கூட்ட அறையில்’ என்று சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ‘டெஸ்பேட்ச் குழுவின் அறையில்’ என்றே அவள் காதில் விழுந்திருக்கும். அவள் மனத்தில் இருந்த பொருளை அந்த வாக்கியம் அவளுக்கு மட்டும் சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கும். அதனால்தான் இடம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

இதை நிறுவ என்னிடம் எதுவும் இல்லை. என் வரைவுகளில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன் என்பதைத் தவிர.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

ஐயா, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலை ஐந்தரை மணிக்கு, வீட்டுக்குப் போகும் பேருந்தை நினைத்துக்கொண்டு முகவரிகளைச் சேர்க்கிற யாரும் உள்ளே எழுதியதைத் திரும்ப வாசிப்பதில்லை. ‘உங்கள்’ இருந்தாலும் நெருடியிருக்காது. மேலாளர் போகிற போக்கில் ஒரு சொல் சொன்னதும், அவள் கை தானாக அதைச் செய்திருக்கும். இந்தக் கதையில் யாருமே மேலாளரைக் கேள்வி கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘தனித்தனியாக வேண்டாம்’ என்று சொன்னவர் அவர்தானே?

வெயில் எழுதியது:

அதனால்தான் கடைசி வரி எனக்குப் பிடித்தது. அவர் அழைப்பைப் படித்தவர் அல்லர், பதினொரு பேரில் ஒருவரும் அல்லர். அவள் வாயால் சொன்ன ‘தங்கள்’ என்பதைக் கேட்டதும், மூன்றாவதாக ஓர் அறை முளைக்கிறது. அந்தச் சொல்லுக்குக் காது கொடுக்கிற ஒவ்வொருவரும் தன் அறைக்குள் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. கேன்டீன்காரர் மட்டும்தான் ‘எந்த ரூமுக்குங்க?’ என்று கேட்டார். தேநீர் மட்டும்தான் சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டாமல் விட்டிருக்கிறார். தயவுசெய்து அப்படியே விடுங்கள்.

நூற்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாடிப்படிக் காட்சியை எடுத்துவிட்டேன். போனை வைத்த பிறகு இரண்டு குழுக்களும் அவரவர் அறையில் நான்கு மணி வரை இருக்கிறார்கள். ஆனால் இதனால் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அவர்கள் அறை மாறாவிட்டால், கலைவாணி போகும்போது டெஸ்பேட்ச் அறை காலியாக இருக்காது. ஐந்து பேர் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்கள். ஆடை படிந்த பதினொரு கோப்பைகள் இல்லாமல் போகின்றன. இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

*நான்கு மணிக்குக் கலைவாணி போனபோது ஐந்து பேரும் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள். மேசையின் மறுபக்கத்தில், ஆள் இல்லாத ஆறு நாற்காலிகளுக்கு முன்னால், ஆறு கோப்பைகளில் ஆடை படிந்திருந்தது.*

இலக்கணப்பித்தன் அவர்களுடைய ‘உங்கள்’ கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தலைப்பை மாற்றவில்லை.

வெயில் எழுதியது:

ஆறு கோப்பைகள் பதினொன்றைவிட நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த ஐந்து பேரும் ஆறு கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், கூட்டம் இந்த அறையில்தான் என்பது அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்குமே. மேலே போன் செய்து, தேநீர் இங்கேதான் வந்திருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

கோப்புநடை எழுதியது:

சொல்ல மாட்டார்கள். தாமதமாக வருபவர்களிடம் தேநீர் ஆறுகிறது என்று சொல்வது, சீக்கிரம் வா என்று சொல்வதைப் போல ஆகிவிடும்.

அவசரக்காரன் எழுதியது:

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்ததா இல்லையா?